ஏசி, குளிர்பதன டெக்னீசியன்: வெளிநாட்டு வேலைக்கு ரெஸ்யூமின் மேலே எழுதும் சுருக்கம் சரியா?

செம்புக்குழாய் எழுதியது:

வணக்கம். குளிர்பதனம், ஏர் கண்டிஷனிங்கில் இரண்டு ஆண்டு டிப்ளமோ முடித்தவன் நான். அப்புறம் ஓராண்டு அப்ரண்டிஸ், அதன் பிறகு ஒரு பராமரிப்பு கான்ட்ராக்டரிடம் இரண்டரை ஆண்டு வேலை. வெளிநாட்டில் டெக்னீசியன் வேலைக்கு நான்கு மாதமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு இடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. ரெஸ்யூமில் பெயருக்குக் கீழே வரும் அந்த நாலு வரிச் சுருக்கம்தான் சொதப்புகிறது என்று கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார். உண்மையில் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் போடுகிறேன்:

"கடின உழைப்பும் நேர்மையும் கொண்ட, எதையும் விரைவில் கற்றுக்கொள்ளும் ஏசி டெக்னீசியன். குழுவாகவும் தனியாகவும் பணியாற்றக் கூடியவர். தன் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்க நல்ல வாய்ப்பை எதிர்நோக்குகிறார். ஏசி தொடர்பான எல்லா வேலைகளும் தெரியும்."

சான்றிதழ் என்று பார்த்தால் டிப்ளமோ, அப்ரண்டிஸ் முடித்தது, வி.ஆர்.எஃப். நிறுவுவது பற்றி ஒரு ஏசி கம்பெனி நடத்திய மூன்று நாள் பயிற்சி, உயரத்தில் வேலை செய்யும் பாதுகாப்புப் பயிற்சி, முதலுதவி, கம்ப்யூட்டர் கோர்ஸ், தட்டச்சு. இப்போது கையில் இரண்டு விளம்பரம் வைத்திருக்கிறேன். ஒன்று வளைகுடாவில் ஹோட்டல் பராமரிப்பு, இன்னொன்று ஐரோப்பாவில் சூப்பர்மார்க்கெட் குளிர்பதன சர்வீஸ். இரண்டுக்கும் ஒரே சுருக்கம் போதுமா?

---

வயர்மேன்_2 எழுதியது:

நண்பா, இத்தனை சான்றிதழை வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட மேலே போடவில்லையே! ஏழையும் சுருக்கத்திலேயே வரிசையாக எழுதுங்கள். எண்ணிக்கை கூடக் கூட மதிப்பு. எலக்ட்ரிக்கல் வேலைக்கு நான் பதினொன்று போட்டிருக்கிறேன். "எல்லா வேலைகளும் தெரியும்" என்பது நல்ல வரிதான், அதை எடுக்காதீர்கள். எதுவும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

---

பழைய_கேஜ் எழுதியது:

தம்பி, உங்கள் சுருக்கத்தில் "ஏசி" வரும் இடத்தில் "தச்சு" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒரு வார்த்தை இடிக்காது. அப்படியென்றால் ஏசியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

இருபது வருடத்துக்குப் பக்கமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் ஆறேழு வருடம் ஆள் எடுக்கும்போது டிரேடு டெஸ்ட் வைப்பதும் என் வேலையாக இருந்தது. சுருக்கத்தில் நான் தேடியது ஒரே விஷயம், இந்த ஆளைத் தனியாக எந்த இயந்திரத்தின் முன்னால் நிறுத்தலாம் என்பதுதான். "எல்லாம் தெரியும்" என்று எழுதியவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, அந்த எல்லாவற்றிலும் நீங்கள் செய்யாதது எது என்றுதான். பெரும்பாலும் அங்கேயே திணறிவிடுவார்கள்.

எழுதித் தருகிறேன், அதற்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள். என்ன வகை இயந்திரங்கள், எவ்வளவு பெரியவை? என்னென்ன கேஸ் கையாண்டிருக்கிறீர்கள்? பிரேசிங் உங்கள் கையால் செய்ததா, டார்ச் பிடித்தவர் வேறு ஒருவரா? வாக்குவம் எதை வைத்து அளந்தீர்கள்? கம்ப்ரசர் மாற்றியது உண்டா? ஒவ்வொன்றிலும் தனியாகச் செய்தது எது, பக்கத்தில் நின்றது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். இங்கே யாரும் சிரிக்க மாட்டோம்.

வயர்மேன் தம்பி, சான்றிதழ் மேலே வர வேண்டும் என்பது சரி, ஏழும் வர வேண்டும் என்பது தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

---

செம்புக்குழாய் எழுதியது:

நன்றி அண்ணே, உள்ளபடி சொல்கிறேன்.

தினமும் போவது ஸ்பிளிட்டும் டக்டட்டும்தான். கெப்பாசிட்டர், காண்டாக்டர், ஃபேன் மோட்டார், கேஸ் கசிவு, பிசிபி மாற்றுவது எல்லாம் தனியாகச் செய்வேன். ஒரு உணவுக் கிடங்கின் 11 குளிர் அறைகளுக்கு மாதாமாதம் பராமரிப்பு என் பொறுப்பு. அதில் டிஃப்ராஸ்ட் ஹீட்டர், டைமர், கதவு கேஸ்கெட், எக்ஸ்பான்ஷன் வால்வு வரை பார்த்திருக்கிறேன். கம்ப்ரசர் இரண்டு மாற்றினேன். முதலாவது சீனியரோடு, இரண்டாவது தனியாக.

வி.ஆர்.எஃப். ஒரே ஒரு கட்டடம், ஆறு மாடி. பிரேசிங் என் கையால், 6 மி.மீ. முதல் 28 மி.மீ. வரை, உள்ளே நைட்ரஜன் விட்டுத்தான் செய்தோம். 600 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பார்த்தோம். வாக்குவம் டிஜிட்டல் மைக்ரான் கேஜ் வைத்து 500-க்குக் கீழே இறக்கினோம். கமிஷனிங் மட்டும் கம்பெனி ஆள் வந்து லேப்டாப்பில் செய்தார், நான் கூட நின்று ஒவ்வொரு இன்டோர் யூனிட்டாகப் போய்ப் பார்த்துச் சொன்னேன்.

கேஸ் ஆர்-22, ஆர்-32, ஆர்-410ஏ. குளிர் அறையில் ஆர்-404ஏ. ஆர்-290 தொட்டதில்லை. ஐரோப்பிய விளம்பரத்தில் ஆர்-744 அனுபவம் விரும்பத்தக்கது என்று போட்டிருக்கிறார்கள், அதை நான் பார்த்ததே இல்லை.

---

பழைய_கேஜ் எழுதியது:

இதுதான் தம்பி சுருக்கம். இங்கே நாலு பத்தியில் சொன்னதைத்தான் அங்கே ஒளித்து வைத்துவிட்டு "கடின உழைப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹோட்டல் வேலைக்கு இப்படிப் போடலாம்:

"குளிர்பதன, ஏசி டெக்னீசியன். இரண்டாண்டு டிப்ளமோ, ஓராண்டு அப்ரண்டிஸ், இரண்டரை ஆண்டு சர்வீஸ் பணி. ஸ்பிளிட், டக்டட் இயந்திரங்களில் மின்பழுது, கேஸ் பழுது இரண்டையும் தனியாகக் கண்டறிந்து சரிசெய்பவர். ஆறு மாடி வி.ஆர்.எஃப். நிறுவலில் 28 மி.மீ. வரை நைட்ரஜன் விட்டு பிரேசிங், 600 பி.எஸ்.ஐ. அழுத்தச் சோதனை, 500 மைக்ரானுக்குக் கீழ் வாக்குவம், கமிஷனிங்கில் உதவியாளர். 11 குளிர் அறைகளின் மாதப் பராமரிப்பு, கம்ப்ரசர் மாற்றுதல். கையாண்ட கேஸ்: ஆர்-22, ஆர்-32, ஆர்-404ஏ, ஆர்-410ஏ. சான்றிதழ்: டிப்ளமோ, அப்ரண்டிஸ் நிறைவு, வி.ஆர்.எஃப். நிறுவல் மூன்று நாள் பயிற்சி, உயரப் பணிப் பாதுகாப்பு, செல்லுபடியாகும் தேதியுடன்."

"கமிஷனிங்கில் உதவியாளர்" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். அது உங்களைக் குறைத்துக் காட்டுவதாகத் தோன்றும், ஆனால் அதைப் படிப்பவர் மற்ற வரிகளை நம்புவதே அந்த ஒரு சொல்லால்தான்.

எண்களை எதற்கு எழுதச் சொல்கிறேன் என்றால், அவை கேள்வியை உங்களுக்குத் தெரிந்த பக்கம் இழுத்து வரும். 600 பி.எஸ்.ஐ. என்று பார்த்தவுடன் என் வாய் தானாக ஒரு கேள்வியைக் கேட்டுவிடும். சாயங்காலம் 32 டிகிரியில் 600-க்கு ஏற்றி மூடிவிட்டுப் போனீர்கள், காலையில் வந்தால் 24 டிகிரி, கேஜ் 584 காட்டுகிறது. கசிவா, இல்லையா? கேஸைத் திரும்ப ஏற்றி சோப்பு நுரையோடு குழாய் குழாயாக அலைபவர்கள் உண்டு. அந்த அழுத்தத்தில் ஒரு டிகிரி குறைந்தால் நைட்ரஜன் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. இறங்கும், எட்டு டிகிரிக்கு 16. கணக்கு சரியாக இருக்கிறது, கசிவு இல்லை. உண்மையிலேயே அந்தச் சோதனையைச் செய்தவர், "ஏற்றும்போது வெப்பநிலையையும் குழாய் மேலேயே எழுதி வைப்போம் சார்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பதில் எனக்குப் போதும்.

மைக்ரானும் அப்படித்தான். 500-க்கு இறக்கி, பம்பை வால்வு போட்டுப் பிரித்துவிட்டுக் காத்திருந்தால் கேஜில் எண் மெல்ல ஏறும். ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. சாதாரண மானிஃபோல்டு கேஜில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் எதை வைத்து அளந்தீர்கள் என்று முதலிலேயே கேட்டேன்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

அண்ணன் சொன்ன "உதவியாளர்" விஷயத்துக்கு என் கதையைக் கேளுங்கள். மூன்று வருடம் முன்பு நான் "வி.ஆர்.எஃப். நிறுவல், கமிஷனிங், பழுது கண்டறிதல்" என்று எழுதினேன். ஏஜென்சியில் இருந்தவர்தான் "கமிஷனிங் போட்டால் சம்பளம் கூடும்" என்று சேர்க்கச் சொன்னார். வீடியோ நேர்முகத்தில் எதிரே இருந்த இன்ஜினீயர் ரொம்ப அமைதியாக, "கூடுதல் கேஸ் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்றார். நான் "பிரஷர் பார்த்து" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

அப்புறம்தான் தெரிந்தது, லிக்விட் லைன் ஒவ்வொரு அளவிலும் எத்தனை மீட்டர் ஓடுகிறதோ அதை வைத்துக் கணக்குப் போட்டு, தராசில் எடை பார்த்து ஏற்ற வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கம்பெனி ஆள் சிலிண்டரைத் தராசில் வைத்தது மட்டும்தான் தெரிந்தது, ஏன் வைத்தார் என்று கேட்கவே இல்லை. பிரேசிங் எனக்கு நன்றாக வரும். அதைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான்தான் அதைப் பின்னால் தள்ளிவிட்டு கமிஷனிங்கை முன்னால் வைத்திருந்தேன்.

---

கடலோரக்காற்று எழுதியது:

சான்றிதழ் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் இ.பி.ஏ. 608 யுனிவர்சல் எழுதி வாங்கிவிட்டால் உலகம் முழுக்கச் செல்லும், காலாவதியும் கிடையாது. நான் வாங்கிவிட்டேன். அதைச் சுருக்கத்தில் முதல் வரியாகப் போட்டால் ஐரோப்பாவிலும் கதவு திறந்துவிடும்.

---

பழைய_கேஜ் எழுதியது:

காலாவதி கிடையாது என்பது சரி. உலகம் முழுக்கச் செல்லும் என்பது இல்லை. 608 என்பது அமெரிக்கச் சட்டத்தின் பிரிவு எண். சிறிய வீட்டுச் சாதனம், உயர் அழுத்தம், தாழ் அழுத்தம் என்று மூன்று வகை, மூன்றும் தேறினால் யுனிவர்சல். அதில் செய்முறைத் தேர்வு இல்லை, கேள்விக்கு விடை குறிப்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் எஃப்-கேஸ் சான்றிதழ் தனி. அது ஆளின் பெயரில் தருவது, எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு, ஒரு உறுப்பு நாட்டில் வாங்கினால் மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும். 608-ஐக் காட்டி அதைத் தாண்ட முடியாது.

அதற்காக 608-ஐ மறைக்க வேண்டாம். சான்றிதழ் வரியில் முழுப்பெயரோடு போடுங்கள், மீட்பு விதிகளைப் படித்தவர் என்பதற்கு அடையாளம். "எஃப்-கேஸுக்கு இணையானது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன், அதோடு அந்தக் கோப்பை மூடியும் இருக்கிறேன்.

செம்புக்குழாய் தம்பிக்கும் இதுதான். ஐரோப்பிய விளம்பரத்துக்கு உங்களிடம் எஃப்-கேஸ் இல்லை, ஆர்-744-ம் இல்லை. ஆர்-744 என்பது கரியமில வாயு. சூப்பர்மார்க்கெட் அமைப்பில் வெயில் நாளில் அதன் உயர் அழுத்தப் பக்கம் 90 பாரைத் தாண்டும், உங்கள் ஆர்-404ஏ பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அதில் கை வைக்க முடியாது. ஆனால் விளம்பரம் "விரும்பத்தக்கது" என்றுதானே சொல்கிறது, "கட்டாயம்" என்று இல்லையே. ஆகவே குளிர் அறையை முதலில் வையுங்கள், வி.ஆர்.எஃப்.-ஐக் கடைசிக்குத் தள்ளுங்கள், முடிவில் ஒரே வாக்கியம்: "எஃப்-கேஸ் சான்றிதழ் இன்னும் பெறவில்லை, தேர்வு எழுதத் தயார்." ஆர்-744 பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கேட்டால் பார்த்ததில்லை என்று சொல்லுங்கள்.

---

தனிமரம்88 எழுதியது:

சான்றிதழ்களை அட்டெஸ்ட் செய்ய எந்த ஏஜென்சி நல்லது? அப்போஸ்டில் போட்டால் டிப்ளமோ வெளிநாட்டில் இன்ஜினீயரிங்குக்குச் சமமாகிவிடுமா? நானும் டிப்ளமோதான்.

---

கோப்பறை எழுதியது:

தனிமரம், இந்த இழை சுருக்கம் எழுதுவதைப் பற்றியது. இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். அப்போஸ்டில் உறுதிப்படுத்துவது அந்தத் தாளில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்பதை மட்டும்தான். படிப்பின் தரம் என்ன, எதற்குச் சமம் என்பதற்கு அது பதில் சொல்லாது. தகுதி ஒப்பீடு வேறு அலுவலகம், வேறு விண்ணப்பம். அதோடு, 1961 ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடுகளில் அப்போஸ்டில் செல்லாது, அங்கே தூதரகம் வழியாகப் போகும் நீண்ட வழிதான்.

நான் ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன், விண்ணப்பங்களை முதலில் திறப்பது நான்தான். பழைய_கேஜ் ஐயா எழுதித் தந்தது நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். 500 மைக்ரான் என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. என்னைப் போன்றவர்தான் பல இடங்களில் முதல் வாசகர். விளம்பரத்தில் இருக்கும் சொற்கள் முதல் இரண்டு வரிக்குள் கண்ணில் பட்டால்தான் நான் அதை இன்ஜினீயருக்கு அனுப்புவேன். வேலையின் பெயர், எத்தனை ஆண்டு, என்ன வகை இயந்திரம், கட்டாயச் சான்றிதழ் இருக்கிறதா, இவ்வளவுதான் என் பார்வை. எண்கள் மூன்றாவது வரிக்குப் பிறகு வரட்டும்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. சுருக்கத்தில் எழுதும் சான்றிதழின் பெயரும் இணைக்கும் தாளில் அச்சாகியிருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தாளில் "பங்கேற்புச் சான்று" என்று இருக்கும், ரெஸ்யூமில் "தகுதிபெற்ற வி.ஆர்.எஃப். ஸ்பெஷலிஸ்ட்" என்று இருக்கும். போன மாதம் இப்படி ஒன்றைத் திருப்பி அனுப்பினேன், ஆள் நல்ல ஆளாகக்கூட இருந்திருக்கலாம். அப்புறம் உங்கள் முதலுதவிச் சான்று இன்னும் செல்லுபடியாகிறதா?

---

செம்புக்குழாய் எழுதியது:

எடுத்துப் பார்த்தேன் மேடம். முதலுதவி போன வருடமே முடிந்துவிட்டது. வி.ஆர்.எஃப். தாளிலும் நீங்கள் சொன்ன மாதிரியே "நிறுவல் பயிற்சியில் கலந்துகொண்டார்" என்றுதான் இருக்கிறது, தேர்வு எதுவும் வைக்கவில்லை. உயரப் பணிச் சான்றுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

---

கோப்பறை எழுதியது:

அப்படியானால் முதலுதவியைப் புதுப்பிக்கும்வரை எடுத்துவிடுங்கள். வி.ஆர்.எஃப். பயிற்சியைப் பயிற்சி என்றே எழுதுங்கள், எத்தனை நாள் என்பதோடு. தட்டச்சும் கம்ப்யூட்டர் கோர்ஸும் சுருக்கத்தில் வேண்டாம், ரெஸ்யூமின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போதும்.

---

வயர்மேன்_2 எழுதியது:

அப்படியென்றால் என் பதினொன்றில் மூன்றுதான் தேறும் போலிருக்கிறது. சரி, ஒரு சந்தேகம். அவருடைய அனுபவம் இரண்டரை ஆண்டா, மூன்றரை ஆண்டா? அப்ரண்டிஸையும் சேர்த்து மூன்றரை என்று போட்டால் "குறைந்தது 3 ஆண்டு" கேட்கும் விளம்பரத்துக்கெல்லாம் போடலாமே. அப்ரண்டிஸிலும் வேலைதானே செய்தார்?

---

பழைய_கேஜ் எழுதியது:

என்னைக் கேட்டால் பிரித்துத்தான் எழுத வேண்டும், மேலே எழுதியதும் அப்படித்தான். அப்ரண்டிஸ் ஆண்டில் எவ்வளவு நேரம் ஸ்பேனர் பிடித்தார், எவ்வளவு நேரம் ஏணி பிடித்தார் என்று யாருக்குத் தெரியும்? நான் ஏணி பிடித்த வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

---

கோப்பறை எழுதியது:

இங்கேதான் ஐயாவோடு சண்டை. பல நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் "மொத்த அனுபவம்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும், அதில் ஒரே எண்தான் போட முடியும். அங்கே 2.5 என்று போட்டால் கணினியே தள்ளிவிடும், என் கைக்கே வராது. எங்கள் நிறுவனத்தில் சம்பளத்தோடு கூடிய, முடித்ததற்குச் சான்று உள்ள அப்ரண்டிஸைச் சேர்த்துக்கொள்கிறோம். வேறு இடங்களில் சேர்ப்பதில்லை. என் வழி: கட்டத்தில் 3.5, சுருக்கத்தில் "அப்ரண்டிஸ் ஓராண்டு உட்பட மூன்றரை ஆண்டு". யாரையும் ஏமாற்றியது ஆகாது, தள்ளப்படவும் மாட்டார்.

---

பழைய_கேஜ் எழுதியது:

"உட்பட" என்ற சொல்லைப் படிக்காமல் மூன்றரையை மட்டும் படிப்பவர்கள் நிறைய. பிறகு டிரேடு டெஸ்டில் மூன்றரை வருட ஆளுக்குரிய வேலையைக் கொடுப்பார்கள். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை மேடம், ஆனால் படிவத்தில் ஒரே கட்டம் என்றால் வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

---

மூன்றாம்மாடி எழுதியது:

டிரேடு டெஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. நைட்ரஜன் விட்டு பிரேசிங் என்று எழுதினால் செய்யச் சொல்வார்கள், ஜாக்கிரதை. போன வருடம் எனக்கு இரண்டு குழாய்த் துண்டைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியதைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஹேக்சா எடுத்து நடுவில் நீளவாக்கில் அறுத்தார் மனிதர். உள்ளே பளபளவென்று செம்பு நிறம், சிரித்தார். பக்கத்து ஆளுக்கு வெளியே என்னைவிட அழகான ஜாயின்ட், உள்ளே கரி. நைட்ரஜனைத் திறக்க மறந்துவிட்டார், அல்லது பழக்கமே இல்லை. அந்தக் கரி பெயர்ந்து போய் எக்ஸ்பான்ஷன் வால்வு ஸ்ட்ரெய்னரில் அடைக்கும் என்று அவருக்கு அங்கேயே பாடம் நடந்தது.

---

பழைய_கேஜ் எழுதியது:

அதேதான். கேஸை அதிகமாகத் திறந்தாலும் தப்பு. உள்ளே அழுத்தம் கூடி, உருகிய கம்பியை ஜாயின்டுக்குள் போகவிடாமல் வெளியே தள்ளும், ஊசித்துளை விழும். மெல்லிய ஓட்டம், மறுமுனை திறந்திருக்க வேண்டும், ஜாயின்ட் ஆறும்வரை விட வேண்டும். பிரேசிங்கைத் தனித் தகுதியாகக் காட்ட விரும்புகிறவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 13585 என்று ஆளின் பெயரில் தரும் செய்முறைத் தேர்வு இருக்கிறது. ஐரோப்பாவில் பெரிய குளிர்பதன வேலைகளில் கேட்பார்கள். செம்புக்குழாய் தம்பிக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

---

செம்புக்குழாய் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஹோட்டலுக்கு அண்ணன் எழுதியதில் முதல் இரண்டு வரியை மேடம் சொன்னபடி மாற்றினேன், விளம்பரத்தில் இருந்த சொல்லையே எடுத்துக்கொண்டேன். ஐரோப்பாவுக்கு அனுப்பியது இது:

"குளிர்பதன சர்வீஸ் டெக்னீசியன், டிப்ளமோ. அப்ரண்டிஸ் ஓராண்டு உட்பட மூன்றரை ஆண்டு. வணிகக் குளிர் அறைகள், ஏசி அமைப்புகள். உணவுக் கிடங்கில் 11 குளிர் அறைகளின் மாதப் பராமரிப்பு, பழுது அழைப்பு தனிப் பொறுப்பு: டிஃப்ராஸ்ட், எக்ஸ்பான்ஷன் வால்வு, கசிவு தேடல், கம்ப்ரசர் மாற்றியது இரண்டு, ஒன்று தனியாக. நைட்ரஜன் விட்டு பிரேசிங் 28 மி.மீ. வரை, 600 பி.எஸ்.ஐ. அழுத்தச் சோதனை, 500 மைக்ரானுக்குக் கீழ் வாக்குவம். கேஸ்: ஆர்-404ஏ, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-22. உயரப் பணிப் பாதுகாப்புச் சான்று செல்லுபடியில் உள்ளது. எஃப்-கேஸ் சான்றிதழ் இன்னும் பெறவில்லை. தேர்வு எழுதத் தயார்."

ஹோட்டலிலிருந்து இன்னும் பதில் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது, நேற்று முடிந்தது. அழுத்தக் கேள்வி அப்படியே வரவில்லை. ஆனால் "குளிர் அறையில் கூலிங் காயில் முழுக்கப் பனி, ஹீட்டருக்கு மின்சாரம் வருகிறது, என்ன பார்ப்பீர்கள்?" என்றார். ஹீட்டர் இழுக்கும் ஆம்பியரைக் கிளாம்ப் மீட்டரில் பார்ப்பேன், ஆம்பியர் இல்லாவிட்டால் ஹீட்டர் அறுந்திருக்கிறது, சரியாக இருந்தால் டிஃப்ராஸ்ட் முடிவு சென்சார் சீக்கிரமாகவே துண்டிக்கிறதா, வடிகுழாய் அடைத்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பேன் என்றேன். அடுத்து ஆர்-744. பார்த்ததில்லை என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். எஃப்-கேஸ் தேர்வுக் கட்டணத்தை யார் தருவது என்று நான் கேட்டேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டது தப்பா அண்ணே?

---

பழைய_கேஜ் எழுதியது:

கேட்டது நல்லது. பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள். தேர்வில் தேறாவிட்டால் என்ன ஆகும், தேறி ஓராண்டுக்குள் வேலையை விட்டால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்பதும் அதில் இருக்கட்டும்.

பனிக் கேள்விக்கு நீங்கள் சொன்னது நல்ல பதில். ஃபேன் ஓடுகிறதா என்பதை விட்டுவிட்டீர்கள். ஃபேன் நின்றாலும் காயில் பனி கட்டும்.

---

செம்புக்குழாய் எழுதியது:

ஐயோ, அழைப்பை வைத்த பிறகுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.

---

வயர்மேன்_2 எழுதியது:

வாழ்த்துகள் நண்பா. அண்ணே, மேடம், என் சுருக்கத்தையும் இங்கேயே போடவா? எலக்ட்ரிக்கல், ஆனால் கொஞ்சம் ஏசி பேனல் வயரிங்கும் உண்டு.

---

கோப்பறை எழுதியது:

புது இழை தொடங்குங்கள். பதினொன்றில் எந்த மூன்று தேறியது என்று முதலில் அங்கே சொல்லுங்கள்.